பந்தயத் தளத்துக்குப் போன அறுபதாயிரமும் கிரிப் அறிக்கையும்

கேள்வி: "கடனட்டையால் ஒரு வெளிநாட்டு இணையப் பந்தயத் தளத்துக்கு ஒரே வாரத்தில் நான்கு தடவை 15,000 ரூபா வீதம் போட்டேன். ஏ.ரி.எம். பக்கமே போகவில்லை. ஆனாலும் மாதக் கூற்றில் ரொக்க முற்பணக் கட்டணம் என்று நான்கு வரி வந்திருக்கிறது. குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டிவிடுவேன். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீடு கட்ட வங்கிக்கடன் கேட்கவேண்டும். இது கிரிப்பில் விழுமா? புள்ளி குறையுமா?"

தம்பி, யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் பயப்படுகிற இடத்தில் ஆபத்து இல்லை. நிம்மதியாக இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. பந்தயத்துக்குப் போட்டீர்கள் என்பது கிரிப் என்ற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் விழாது. "குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டிவிடுவேன்" என்று சொன்னீர்களே, அதைத்தான் நாம் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும்.

முதலில், ஏ.ரி.எம். தொடாமலே ரொக்க முற்பணம் எப்படி வந்தது என்பது. அட்டையை ஏற்கும் ஒவ்வொரு வணிகருக்கும் அட்டை வலையமைப்பில் நான்கு இலக்க வகைக் குறியீடு ஒன்று உண்டு. பலசரக்குக் கடைக்கு ஒன்று, மருந்துக்கடைக்கு ஒன்று. பந்தயம், கசினோ, லொத்தர் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 7995. அந்த எண்ணோடு ஒரு கொடுப்பனவு வந்தால், பொருள் வாங்கியதாக வங்கியின் கணினி அதை எடுத்துக்கொள்ளாது. பணத்தை இன்னொரு பணமாக மாற்றியதாகக் கருதி, ஏ.ரி.எம்மில் எடுத்த காசோடு ஒரே பெட்டியில் போடும். இணையப் பணப்பைகளையும் அதுபோன்ற சேவைகளையும் இடையில் வைத்துப் போட்டாலும் பல வேளைகளில் 6051 என்ற குறியீடு வரும். அதுவும் பெரும்பாலும் இதே பெட்டிதான். எனவே உங்கள் கூற்றில் வந்த வரிகள் பிழையாக வந்தவை அல்ல. முறைப்பாடு எழுதி நேரத்தைச் செலவிடவேண்டாம். சில வங்கிகள் 7995 என்றாலே கொடுப்பனவை மறுத்துவிடும். உங்கள் வங்கி மறுக்காமல் கட்டணம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொருவருக்கு இதே தளத்தில் கட்டணமே விழவில்லை என்று யாராவது சொன்னால், அந்தத் தளம் வேறு ஏதோ வகைக் குறியீட்டில் பணத்தை வாங்கியிருக்கும். தன் தொழிலை மறைத்துப் பணம் வாங்குகிற இடம் உங்கள் வெற்றிப் பணத்தைத் திருப்பித் தருவதில் மட்டும் நேர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்க என்னால் முடியாது.

இப்போது கட்டணம். வங்கிக்கு வங்கி இது வேறுபடும். ஆனால் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: தொகையில் இத்தனை வீதம், அல்லது இத்தனை ரூபா, இரண்டில் எது கூடவோ அது. "எது கூடவோ" என்ற அந்தச் சொற்களில்தான் பந்தயக்காரர் அடிபடுகிறார். 4 வீதம் அல்லது 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கியின் உண்மையான எண்ணைக் கட்டணப் பட்டியலில் பார்த்து இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 15,000 ரூபாவில் 4 வீதம் 600 ரூபாதான், ஆனால் வங்கி எடுப்பது 1,000. நான்கு தடவைக்கு 4,000. அதே 60,000 ரூபா ஒரே தடவையில் போயிருந்தால் 2,400. ஒரே தடவையில் போடுங்கள் என்று புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. பந்தயத்தில் இறங்கியவர் ஒருபோதும் ஒரே தடவையில் போடமாட்டார் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் போட்டு, தோற்று, அதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் போடுவதுதான் அதன் இயல்பு. கட்டணத்தின் அமைப்பு சரியாக அந்த இயல்பைத் தாக்குகிறது.

ஒருமுறை ஓர் இளைஞர் தன் கூற்றை என் மேசையில் விரித்து வைத்தார். ஒரே திகதியில் ஒன்பது வரிகள், ஒவ்வொன்றும் 5,000. ஒவ்வொன்றின் கீழும் CASH ADVANCE FEE என்ற வரி. அந்தப் பக்கத்தில் பந்தயத்துக்குப் போன வரிகள் எத்தனையோ, கட்டண வரிகளும் அத்தனை. தான் தோற்றது 45,000 என்று வீட்டில் சொல்லியிருந்தார். கூற்று அதற்கு மேல் சொன்னது. 1,000 ரூபா குறைந்தபட்சக் கட்டணம் என்றால் 5,000 ரூபா போடும்போதே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அப்படிப்பட்ட பந்தயத்தில் வெல்லக்கூடியவன் உலகத்தில் எவனும் இல்லை. வென்று, பணத்தை அட்டைக்கே திருப்பி எடுத்தாலும் கட்டணம் திரும்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தளம் வெளிநாட்டில் இருப்பதால் நாணய மாற்றுக்கான மேலதிகமும் முத்திரைத் தீர்வையும் தனியே வரும். கணக்கை எளிதாக்க அவற்றை நான் விட்டுவிடுகிறேன்.

வட்டிக்கு வருவோம். 2022, 2023 காலத்தில் கடனட்டை வட்டி 36 வீதம் வரை ஏறியது, பிறகு இறங்கியது. கணக்குக்கு ஆண்டுக்கு 26 வீதம் என்று எடுக்கிறேன். பலர் ரொக்க முற்பணத்துக்கு வட்டி வீதம் கூட என்று நினைக்கிறார்கள். இங்கே பல வங்கிகளில் பொருள் வாங்கியதற்கும் காசு எடுத்ததற்கும் ஒரே வீதம்தான். வேறுபடுவது, வட்டி எந்த நாளில் தொடங்குகிறது என்பது. பொருள் வாங்கினால், முழுத்தொகையையும் உரிய திகதிக்குள் கட்டினால் ஒரு சதமும் வட்டி இல்லை. ரொக்க முற்பணத்துக்கு அந்த வட்டியில்லாக் காலமே கிடையாது. போட்ட அன்றே மீற்றர் ஓடத் தொடங்கிவிடும்.

உங்கள் தொகையையே எடுப்போம். நான்கு தடவையும் 3 ஆம் திகதியிலேயே போனதாக எளிதாக்கிக்கொள்கிறேன். 60,000 ரூபாவும் கட்டணம் 4,000 ரூபாவும் சேர்ந்து 64,000. இதற்கு ஒரு நாள் வட்டி 45 ரூபா 60 சதம் அளவில். கூற்று 25 ஆம் திகதி வெளிவரும்போது 22 நாள் வட்டி ஏறத்தாழ 1,003 ரூபா சேர்ந்திருக்கும். ஆக, கூற்றில் 65,003 ரூபா. தளத்தில் உங்கள் 60,000 ரூபா 8 வீதத்துக்கு மேல் கூடினால்தான் தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள். குறைந்தபட்சக் கொடுப்பனவு 5 வீதம் என்றால் 3,250 ரூபா. உரிய திகதியான அடுத்த மாதம் 15 ஆம் திகதியில் அதை ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். அந்த மாதம் முழுவதற்குமான வட்டி 1,366 ரூபா அளவில் வரும். அடுத்த கூற்றில் மிச்சம் 63,119. நீங்கள் கட்டியது 3,250, கடன் குறைந்தது 1,884.

இதே மாதிரி, இன்னொரு ரூபாகூட எடுக்காமல், ஒரு தடவையும் தவறாமல் 12 மாதம் கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? மொத்தம் 33,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே கட்டியிருப்பீர்கள். கடன் இன்னும் 45,000 ரூபாவுக்கு மேல் இருக்கும். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிற நேரத்தில், ஒரு வாரத்தில் செய்த காரியத்தின் பெரும்பகுதி அப்படியே உங்கள் பெயரில் நிற்கும். ஒழுங்காகக் கட்டுகிறேன் என்ற நிம்மதியின் விலை அது.

இன்னொன்றும் நடக்கும், பலர் கவனிப்பதில்லை. அதே அட்டையில் நீங்கள் பலசரக்கும் பெற்றோலும் போடுகிறீர்கள் என்றால், கூற்றின் முழுத்தொகையையும் கட்டாத மாதத்தில் அந்தப் பொருட்களுக்கு இருந்த வட்டியில்லாக் காலமும் போய்விடும். முன்பு வட்டியில்லாமல் வாங்கிய அரிசிக்கும் மாவுக்கும் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடும். உங்கள் கூற்றில் வட்டி வரி நான் மேலே போட்ட கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். ஆகவே அட்டையில் இந்தக் கடன் தீரும்வரை வேறெதையும் அதில் வாங்காதீர்கள். கையில் காசு கொடுத்து வாங்குங்கள்.

இனிக் கிரிப். அதன் முழுப்பெயரான இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் கடன்களின் நிலையை மாதாமாதம் அங்கே அனுப்புகின்றன. உங்கள் கடனட்டை பற்றி அங்கே இருப்பது: அட்டையின் எல்லை எவ்வளவு, நிலுவை எவ்வளவு, கட்டவேண்டிய நாள் தாண்டி எத்தனை நாள் ஆகிறது, முந்தைய மாதங்களில் எப்படிக் கட்டினீர்கள். எந்தக் கடையில் வாங்கினீர்கள், எந்தத் தளத்துக்குப் போட்டீர்கள் என்பதற்கு அந்த அறிக்கையில் இடமே இல்லை. ரொக்க முற்பணத்தையும் பொருள் வாங்கியதையும் அது பிரித்துக் காட்டுவதில்லை. எல்லாம் ஒரே நிலுவைதான். இது உறுதி.

"கிரிப்பில் பெயர் விழுந்தது" என்று நம் ஊரில் சொல்வதும் சரியில்லை. அது கறுப்புப் பட்டியல் அல்ல. கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் அங்கே இருக்கிறது, ஒழுங்காகக் கட்டியவருடையதும்தான். கடன் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது வங்கி.

புள்ளி பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. கிரிப் புள்ளி 250 முதல் 900 வரை. தாமதங்கள் அதை இறக்கும், எல்லையை நெருங்கி நிற்கும் நிலுவையும் நல்லதல்ல. இந்தத் திசை மட்டும் உறுதி. எதற்கு எத்தனை புள்ளி என்ற சூத்திரத்தைப் பணியகம் கையில் வைத்திருக்கிறது. ஆகவே "40 புள்ளி குறையும்", "ஆறு மாதத்தில் ஏறிவிடும்" என்று எண் போட்டுச் சொல்கிறவரை நம்பாதீர்கள், ஊகத்தைத்தான் சொல்கிறார். உங்கள் அட்டையின் எல்லை 2 இலட்சம் என்றால் இந்த நிலுவை அதில் மூன்றில் ஒரு பங்கு. இது மட்டும் நின்றால் பெரிய சேதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இதன்மேல் இன்னொரு 60,000 ஏறினால் கதை வேறு. நாள் தவறினால் அதைவிட மோசம்: தாமதக் கட்டணம் விழும், அறிக்கையில் நாட்கள் எண்ணப்படும். 90 நாள் தாண்டினால் அது செயற்படாக் கடன் என்ற வகைக்குப் போய்விடும். அந்த நிலையில் இன்னொரு வங்கியிடம் வீட்டுக்கடன் என்று வாய் திறப்பது கடினம்.

உங்கள் திருநெல்வேலி வீட்டுக்கு உண்மையான இடைஞ்சல் புள்ளியில் வரப்போவதில்லை. அது வருவது கடன் அதிகாரியின் மேசையில். நாங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது முதலில் போடுகிற கணக்கு, மாத வருமானத்தில் எவ்வளவு ஏற்கனவே கடனுக்குப் போகிறது என்பது. கடனட்டைக்கு எவ்வளவு சேர்ப்பது என்பதில் வங்கிக்கு வங்கி வழக்கம் வேறு. சிலர் நிலுவையில் ஒரு வீதத்தை எடுப்பார்கள், சிலர் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் எல்லையில் ஒரு வீதத்தை எடுப்பார்கள். 2 இலட்சம் எல்லையில் 5 வீதம் என்று எடுத்தால் மாதம் 10,000 ரூபா உங்கள் தலையில் ஏற்கனவே இருப்பதாகக் கணக்கு. அந்த 10,000 ரூபாவால் வீட்டுக்கடனில் எத்தனை இலட்சம் குறையும் என்று விண்ணப்பிக்கப்போகும் வங்கியிடமே கேட்டுப் பாருங்கள். எண் உங்களைத் திடுக்கிட வைக்கும்.

அடுத்து, சம்பளக் கணக்கின் கடந்த சில மாதக் கூற்றுக் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் அட்டையின் கூற்றும் கேட்பார்கள். கிரிப்பில் இல்லாத தளத்தின் பெயர் அங்கே எழுத்து எழுத்தாக இருக்கும். அதைப் பார்த்தவுடன் மறுக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நான் அந்த நாற்காலியில் இருந்தபோது, நடந்து பல மாதமான ஒரு வாரத்து நான்கு வரிகளைக் கண்டால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். மாதாமாதம் சம்பளம் விழுந்த மறுநாளே அப்படி வரிகள் வந்திருந்தால் தாண்டியிருக்கமாட்டேன். ஆகவே, இன்றிலிருந்து உங்கள் கூற்றில் அந்த வரி வராமல் இருப்பது, புள்ளி ஏறுவதைவிட உங்களுக்கு முக்கியம்.

அதற்குச் செய்யக்கூடியது மிக எளிது. வங்கிக்கு அழைத்து, ரொக்க முற்பண எல்லையைப் பூச்சியமாக்கச் சொல்லுங்கள், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். பல வங்கிகளின் செயலியிலேயே இணையக் கொடுப்பனவை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. ஆனால் அதே பொத்தானால் இரவு 12 மணிக்குத் திறக்கவும் முடியும். எழுத்தில் கேட்டு வங்கியால் நிறுத்துவதே உறுதியானது. கிரிப்டோ வாங்கி அதன் வழியாகப் போடலாம் என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். மெய்நிகர் நாணயம் வாங்க நம் அட்டைகளைப் பயன்படுத்த மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. பந்தயம் போடுவதை நிறுத்த முயன்று முடியவில்லை என்றால் 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் இரவும் பகலும் வேலை செய்யும். இதற்காகவும் அங்கே பேசலாம்.

கடனை எப்படி அடைப்பது? உரிய திகதிக்காகக் காத்திருக்கவேண்டாம். வட்டி நாளாந்தம் ஓடுவதால் இன்று கட்டும் 20,000 ரூபா, 15 ஆம் திகதி கட்டும் 20,000 ரூபாவைவிட மலிவு. பொருள் வாங்கியதைத் தவணையாக மாற்றித் தரும் திட்டங்கள் பெரும்பாலும் ரொக்க முற்பணத்துக்குப் பொருந்தாது, ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. இன்னோர் அட்டையில் காசெடுத்து இதை அடைப்பது மட்டும் வேண்டாம். அங்கும் கட்டணம், அங்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. மீற்றர் வட்டிக்காரரிடம் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டில் நகை இருந்தால், வங்கி அடகு வட்டி பெரும்பாலும் அட்டை வட்டியைவிடக் குறைவு என்பது உண்மை. அம்மாவின் சங்கிலியை அப்படி அடகு வைத்து அட்டையைத் தீர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையை நிறுத்தாமல் அதைச் செய்தவர்களின் கையில் சில மாதத்தில் அடகுச் சீட்டும் இருந்தது, அட்டைக் கடனும் இருந்தது. ஆகவே முதலில் தடுப்பு, பிறகுதான் நகை.

முழுவதும் கட்டித் தீர்க்கும்போது ஒரு சிறிய பொறி இருக்கிறது. கூற்றில் உள்ள 65,003 ரூபாவை 15 ஆம் திகதி முழுதாகக் கட்டிவிட்டீர்கள் என்று வைப்போம். கணக்கு முடிந்தது என்று நினைப்பீர்கள். ஆனால் 25 ஆம் திகதி கூற்று வெளிவந்ததற்கும் நீங்கள் கட்டியதற்கும் இடையிலான 20 நாள் வட்டி, ஏறத்தாழ 926 ரூபா, அடுத்த கூற்றில் வரும். அட்டையை இழுப்பறையில் போட்டுவிட்டு, மின்னஞ்சலில் வந்த கூற்றைத் திறக்காமல் விட்டால், அந்த 926 ரூபா கட்டப்படாத கடனாகி, தாமதக் கட்டணம் ஏறி, கிரிப்பில் தாமத நாட்களை எண்ணத் தொடங்கும். அறுபதாயிரத்தை நேர்மையாகக் கட்டியவருக்கு, ஆயிரம் ரூபாவுக்குள் நின்ற நிலுவையால் வீட்டுக்கடன் தாமதித்ததை நான் கண்டிருக்கிறேன். கட்டுகிற நாளில் வங்கிக்கு அழைத்து, "இன்றைய திகதிக்கு வட்டியுடன் எவ்வளவு" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். அடுத்த இரண்டு கூற்றுகளும் பூச்சியம் காட்டியபின் கிரிப்பில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்து, அந்த அட்டையின் நேரே நிலுவை பூச்சியம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி மாதம் ஒருமுறைதான் தகவல் அனுப்புவதால் அது மாறக் கொஞ்ச நாள் எடுக்கும். மாறாவிட்டால் முதலில் வங்கியிடமே எழுதிக் கேளுங்கள்.